மஞ்சள் இலைக்குப் பசியா, மூச்சுத்திணறலா?

தாம்பரத்தை அடுத்த ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக ஆறு தக்காளிச் செடிகள். செப்டம்பர் கடைசியில் நட்டவை. ஒரே நர்சரியில், ஒரே தட்டிலிருந்து வாங்கிய நாற்றுகள். ஒரு மாதம் கண்பட்டுவிடும்போல வளர்ந்தன. நவம்பர் நடுவில் நாலு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்ததும், ஆறிலும் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற தபால் ஊழியர். எதையும் தள்ளிப்போடுகிறவர் அல்ல. மஞ்சள் என்றால் சத்துக் குறைவு என்று எங்கோ படித்த ஞாபகம். முதலில் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினார். நாலு நாள் கழித்து எப்சம் உப்பு. அதற்கும் அசையவில்லை என்றதும் பஞ்சகவ்யா. இரண்டு வாரத்துக்குள் மஞ்சள் இடுப்புயரம் ஏறியது, இலைகள் தொங்கின, தொங்கிய செடியைப் பார்த்து அவர் காலையும் மாலையும் தண்ணீரும் ஊற்றினார். பாசமாகப் பார்த்துக்கொண்டவரின் கையாலேயே செடிகள் செத்துக்கொண்டிருந்தன. மாடித்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் மழைக்காலம் தவறாமல் நடக்கிற சங்கதிதான் இது.

மஞ்சள் நிறத்தை மட்டும் வைத்துச் செடிக்கு என்ன கோளாறு என்று சொல்ல முடியாது என்பதே இதிலுள்ள சிக்கல். காய்ச்சலைப்போலத்தான். உடம்பு சுடுகிறது என்பது தெரியும், எதனால் என்பது தெரியாது. எந்த இலை மஞ்சளானது, இலையில் எந்தப் பகுதி, எவ்வளவு நாளில், அப்போது மண் எப்படி இருந்தது என்று கேட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் எந்த இலை என்பதைப் பார்ப்போம். இலையின் பச்சைக்குக் காரணமான பச்சையத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு மெக்னீசியம் அணுவும், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்களும் உண்டு. மண்ணில் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, தட்டுப்படும்போது செடி ஒரு சாமர்த்தியம் செய்கிறது. கிழ இலைகளில் இருக்கும் பச்சையத்தையும் புரதத்தையும் உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. நெருக்கடி வந்தால் பழைய பாத்திரத்தை விற்றுப் பிள்ளைக்குப் பால் வாங்குகிற கதை. அதனால் தழைச்சத்துக் குறைந்த செடியில் அடி இலைதான் முதலில் வெளுக்கும். நரம்பு, நரம்புக்கு இடைப்பட்ட பகுதி என்ற பேதமில்லாமல் முழு இலையும் ஒரே சீராக வெளிறும். குருத்து கடைசிவரை ஓரளவு பச்சையாகவே இருக்கும். மெக்னீசியமும் சாம்பல் சத்தும் மணிச்சத்தும் இப்படிச் செடிக்குள்ளேயே இடம் மாறக்கூடியவை. அவற்றின் குறைவும் கிழ இலையில்தான் முதலில் தெரியும்.

இரும்பும் கால்சியமும் வேறு சாதி. ஒருமுறை ஓர் இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து எளிதில் கிளம்பாது. புதிதாக வரும் இலைக்கு வேரிலிருந்து புதிதாகத்தான் வர வேண்டும். வரத்து நின்றால் பாதிப்பு குருத்தில் தெரியும், கிழ இலை பச்சையாகவே நிற்கும். ஆக, மஞ்சள் கீழேயா மேலேயா என்று பார்த்த மாத்திரத்தில் பாதி சத்துகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

தாம்பரத்துச் செடிகளில் மஞ்சள் கீழிருந்து மேலே ஏறியது. புத்தகப்படி பார்த்தால் தழைச்சத்துக் குறைவு. அந்த அம்மா நினைத்தது அறவே தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புண்ணாக்குக் கரைசல் ஊற்றியும் ஏன் தேறவில்லை?

கீழ்வீட்டில் குடியிருப்பவர் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணி காயப்போட மேலே வந்தவர் செடிகளைப் பார்த்துவிட்டு, இலையைத் தொடவே இல்லை. ஒரு பையின் காதைப் பிடித்துத் தூக்கினார். தூக்க வரவில்லை.

"ஏம்மா, இதுல கருங்கல்லா போட்டு வெச்சிருக்கீங்க?"

"இல்ல சார், தேங்காய் நார்தான். ரொம்ப லேசுன்னு சொல்லித்தான் வாங்கினேன்."

"காஞ்சா லேசுதான்."

நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அவர் அடுத்த பையைத் தூக்கினார், அதுவும் கனம். வரிசையாக ஐந்து பைகளும் அப்படியே. ஆறாவது பை, படிக்கட்டு அறையின் சன்ஷேடுக்கு அடியில் மழை படாத மூலையில் இருந்தது, ஒரே கையில் எழும்பி வந்தது. அதன் அடி இலைகளும் மற்றவை அளவுக்கே மஞ்சள்.

பிறகு அவர் ஒரு பழைய ஊதுபத்திக் குச்சியை எடுத்துப் பையின் விளிம்போரமாக அடிவரை செருகி, சற்று நேரம் விட்டு உருவினார். மேல்பகுதி காய்ந்து வந்தது. அடியில் மூன்று விரல் அளவு கறுத்து ஈரமாக, சகதி ஒட்டி வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார். சாக்கடை வாடை. மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நார்க்கழிவின் மேல்தோல் வெயிலில் சீக்கிரம் வெளுத்துக் காய்ந்ததுபோலக் காட்டும். ஒரு சாண் கீழே குளம் கட்டியிருக்கும்.

அடியில் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்பதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, பிழியாமல் உள்ளங்கையில் படுக்கவைத்துப் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். இப்போது அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடியும் சொட்டும். ஸ்பாஞ்சின் அடிப்பகுதியில் எப்போதும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும், ஓட்டை இருந்தாலும் இறங்காது. உயரம் கூடக்கூட, மேலே காற்றுக்குக் கிடைக்கும் இடம் கூடும். செடித்தொட்டியிலும் இதே கணக்குதான். அகலமும் உயரமும் ஓரடியான பையில் நார்க்கழிவை மட்டும் நிரப்பினால் அடி நாலைந்து அங்குலம் காற்றுக்கு இடமில்லாமல் நனைந்தே கிடக்கும். அடியில் ஜல்லி போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. ஜல்லிக்கு மேலே அதே உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், வேருக்கான இடம்தான் ஜல்லி அளவுக்குக் குறையும். போதாக்குறைக்கு, மாடித் தளத்தில் கறை படியாமல் இருக்க ஒவ்வொரு பைக்கும் கீழே பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தார் அந்த அம்மா. மழைத் தண்ணீர் தட்டில் நின்றது, பை அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

வேர் வெறும் உறிஞ்சுகுழல் அல்ல. அதுவும் மூச்சு விட வேண்டும். மண்ணில் கரைந்துள்ள உப்புகளை உள்ளே இழுப்பதற்கு வேருக்குச் சக்தி தேவை, அந்தச் சக்தி ஆக்சிஜன் இருந்தால்தான் போதுமான அளவு கிடைக்கும். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீருக்குள் அது பரவுவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாக. மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்றை விரட்டிவிட்டுத் தண்ணீர் குடியேறினால், அங்கே மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை வேரும் கிருமிகளும் ஒரு நாள், ஒன்றரை நாளில் தீர்த்துவிடும். அதன்பின் வேர், முன்னால் இலைபோட்டுச் சோறு பரிமாறியிருந்தும் கை அசையாதவரின் நிலைக்கு வந்துவிடுகிறது. சத்து இருக்கிறது, எடுத்துக்கொள்ள வலு இல்லை. மேலே செடி பட்டினி கிடக்கும் செடி செய்வதையே செய்கிறது, கிழ இலையை உடைத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் தண்ணீர் மிகுந்த செடியும் சத்துக் குறைந்த செடியும் ஒரே மஞ்சளைக் காட்டுகின்றன.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. காற்றில்லாத மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்திக்கொண்டு அதை வாயுவாக்கிப் பறக்க விட்டுவிடும். மிச்சத்தை மழை கழுவிக்கொண்டு போகும். ஆகவே மூழ்கிய செடிக்குக் கடைசியில் உண்மையாகவே தழைச்சத்துக் குறைவு வரும். மூல காரணம் தண்ணீர், பசி அதன் விளைவு. விளைவுக்கு மருந்து கொடுத்தால் எடுபடாது. புண்ணாக்குக் கரைசலும் பஞ்சகவ்யாவும் நல்ல மண்ணில் நன்மை செய்பவைதான். ஆனால் சகதியான மண்ணில் ஊற்றினால், அவற்றைத் தின்னப் பெருகும் கிருமிகள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு டம்ளர் ஊட்டமும் வேரின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

பையைத் திறக்காமலேயே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லச் சில அடையாளங்கள் உண்டு. தக்காளியில் மிக அழகான அடையாளம் இலைக்காம்பு. தண்ணீரில் மூழ்கிய தக்காளியின் இலைக்காம்புகள், தண்டோடு சேரும் இடத்திலிருந்து கீழ்நோக்கி வளைந்து, குடையைப் பாதி மடக்கியதுபோலத் தொங்கும். பார்ப்பதற்கு வாடல்தான். ஆனால் இலையைத் தொட்டால் துவண்டிருக்காது, விறைப்பாகவே இருக்கும். ஆக்சிஜன் இல்லாத வேரில் உண்டாகும் ஒரு மூலப்பொருள் மேலே ஏறி, காற்றுள்ள இலைப்பகுதியில் எத்திலீன் வாயுவாக மாறுகிறது. பழம் பழுக்க வைக்கிற அதே எத்திலீன். அது காம்பின் மேல்பக்கத்தை வேகமாக வளரச் செய்வதால் காம்பு கீழே வளைகிறது. தழைச்சத்துக் குறைந்த செடியில் இந்தத் தொங்கல் இருக்காது. செடி மெலிந்து, விறைத்து, சின்ன இலைகளோடு நிமிர்ந்தே நிற்கும்.

தண்டின் அடிப்பகுதியையும் பார்க்கலாம். மூழ்கிய தக்காளி, மண்ணுக்குச் சற்று மேலே தண்டில் கடுகு கடுகாக வெள்ளை முடிச்சுகளை விடும். கீழே மூச்சு முட்டுவதால் மேலே புது வேர் விட முயல்கிறது. அடுத்தது நேரம். உச்சிவெயிலில் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. விடியற்காலையிலேயே வாடி நிற்கிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால் வேர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வாட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் மிகப் பெரிய விபத்து.

ஓய்வுபெற்ற அதிகாரி இரண்டு பைகளைச் சாய்த்து, செடியை மண்கட்டியோடு உருவிக் காட்டினார். மழையில் நனைந்த பையின் வேர்கள் மேல்பாதியில் வெள்ளையாக இருந்தன. கீழ்ப்பாதியில் பழுப்பாக, வழவழவென்று. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தபோது மேல்தோல் ஈரக் காலுறைபோல உருவிக்கொண்டு வந்தது, நடுவில் நூல் மட்டும் மிஞ்சியது. அழுகிய வேருக்கு அதுதான் சாட்சி. சன்ஷேடுக்கு அடியில் இருந்த ஆறாவது பையில் வேர் முழுக்க வெள்ளை, கிளை கிளையாக, பைச் சுவரைத் தொட்டு வளைந்திருந்தது, மண் வாசனை. அதற்கு மட்டும் நிஜமாகவே பசி. மக்கிய எருவைக் கஞ்சத்தனமாகப் போட்டு, சரியாக மக்காத நார்க்கழிவை நிறையப் போட்டிருந்தார்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சுவது குறைவு. மழை படாததால் மூழ்கவில்லை, அவ்வளவுதான். ஒரே வரிசையில், ஒரே நிற இலையோடு, ஐந்து செடிக்கு ஒரு வியாதி, ஒன்றுக்கு வேறு வியாதி.

வைத்தியமும் அதனால் இரண்டு விதம். ஐந்து பைகளுக்கு அடியிலிருந்த தட்டுகளை எடுத்தார்கள். ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் இடைவெளி விட்டு உட்காரவைத்தார்கள். அடியிலிருந்து ஓரங்குல உயரத்தில், பக்கவாட்டில் பென்சில் பருமனில் ஏழெட்டு ஓட்டை. முழுதாக மஞ்சளான இலைகளைக் கிள்ளி எடுத்தார்கள். தண்ணீரும் ஊட்டமும் அறவே நிறுத்தம், பை கையில் லேசாகும்வரை. மழை மறுபடி வந்தபோது மேலே ஒரு பாலித்தீன் விரிப்பு. ஆறாவது பைக்கு மட்டும், மூன்று நாள் ஊறிய புண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, வாரம் ஒருமுறை.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகுமா என்று காத்திருப்பதில் பயனில்லை. பெரும்பாலும் ஆகாது, அதன் சரக்கைச் செடி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. பார்க்க வேண்டியது குருத்தை. ஆறாவது செடியின் குருத்து ஒரு வாரத்திலேயே கரும்பச்சைக்கு வந்தது. மற்ற ஐந்தில் மூன்று, இரண்டு வாரம் கழித்துப் புது இலை விட்டன. அதன்பிறகுதான் அவற்றுக்கும் கொஞ்சம் ஊட்டம், பாதி அளவில். இரண்டு செடி பிழைக்கவில்லை. வேரில் பாதிக்கு மேல் அழுகிவிட்டால் அப்படித்தான், மூடி மறைப்பதற்கில்லை.

தழைச்சத்து மஞ்சளும் தண்ணீர் மஞ்சளும் இலை முழுக்கப் பரவுகிறவை. இலையின் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நரம்புக்கு இடையிலுள்ள பகுதி மஞ்சளானால் வழக்கு வேறு. அது கிழ இலையில் இருந்தால் மெக்னீசியம், குருத்தில் இருந்தால் பெரும்பாலும் இரும்பு. காய் பிடித்து நிற்கும் தக்காளியில் நடு இலைகளும் அடி இலைகளும் இப்படி வலைபோட்டதுபோல ஆவது மெக்னீசியத்தால். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் போதும். ஆனால் எப்சம் உப்பைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை. தேவையில்லாமல் மண்ணில் கொட்டினால், மெக்னீசியம் கால்சியத்தோடு போட்டி போட்டு அதை உள்ளே வரவிடாமல் செய்யும், தக்காளிப் பழத்தின் அடி கறுப்பது அதிகமாகும்.

இரும்பு விஷயம் சென்னைப் பக்கம் அடிக்கடி வருவதற்குக் காரணம் தண்ணீர். பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, அதையே மாதக்கணக்கில் ஊற்றினால் மண் காரமாகிவிடும். காரமான மண்ணில் இரும்பு இருந்தும் கரையாமல் பூட்டிக்கொள்ளும். மேலே குருத்து எலுமிச்சை மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். ஈரம் மிகுந்து வேர் சோர்ந்துபோனாலும் இதே தோற்றம் வரும், எனவே பையைத் தூக்கிப் பார்க்கும் சோதனை இங்கேயும் முதலில். ஈரம் காரணமில்லை என்று தெரிந்தால், செடியிடமே கேட்டுவிட ஒரு வழி உண்டு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், அதோடு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். மஞ்சளான ஓர் இளம் இலையில் ஒரு பாதியில் மட்டும் இதைப் பஞ்சால் தடவிவிடுங்கள், மறுபாதியைத் தொட வேண்டாம். நாலைந்து நாள், ஒரு வாரத்தில் தடவிய பாதி பச்சையானால் இரும்புதான், மொத்தச் செடிக்கும் தெளிக்கலாம். மாறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். தடவிய இடம் கருகினால் கரைசல் அந்தச் செடிக்குக் காரம் என்று பொருள். ஓர் இலையோடு போயிற்று.

நரம்பைப் பார்க்கும்போது தலைகீழாகவும் ஒன்று உண்டு. வெண்டைச் செடியில் நரம்புகள் மஞ்சளாகி, இடைப்பகுதி பச்சையாக நின்றால் அது சத்துக்குறைவே அல்ல. மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் வைரஸ் நோய், வெள்ளை ஈ கொண்டுவந்து விடுவது. அதற்கு எந்த உரமும் மருந்தாகாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் பக்கத்துச் செடிகளுக்கு நல்லது.

சுருளும் இலைகளில் மிளகாய்தான் நம் வீடுகளில் அதிகம் குழப்புகிறது. மிளகாய் இலை சுருண்டால் உடனே கால்சியம் போடச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அங்கே பூச்சிதான் இருக்கும். இலையின் ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை எலிவால்போல் குறுகினால் முரணைச் சிலந்தி. பின்னது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் குருத்தின் அடிப்பக்கத்தில் பார்க்கலாம். இலைப்பேனை இன்னும் சுலபமாகப் பிடிக்கலாம். குருத்தை ஒரு வெள்ளைத் தாள்மேல் தட்டினால், வெளிர்மஞ்சள் நிறத்தில் அரைக்கோடு நீளப் பூச்சிகள் ஓடும்.

தக்காளியில், பெரிய அடி இலைகள் நீளவாக்கில் சுருட்டு சுற்றியதுபோல மேல்நோக்கி மடிந்து, ஆனால் பச்சையாகத் தடித்திருந்தால் அது வெயிலுக்கும் திடீர் ஈர மாற்றத்துக்கும் செடி காட்டும் எதிர்வினை. காய் பிடிப்பைப் பெரிதாகப் பாதிக்காது, விட்டுவிடலாம். குருத்து இலைகள் சின்னதாகி, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் குவிந்து, செடியும் வளராமல் நின்றால் இலைச்சுருள் வைரஸ். முன்னதையும் பின்னதையும் பிரிப்பது, மறுபடியும், கீழேயா மேலேயா என்ற கேள்விதான்.

இலை நுனியும் ஓரமும் காகிதம்போலக் காய்ந்து பழுப்பாவது மூன்றாவது வகை. கிழ இலையின் ஓரம் முழுக்கச் சீராகக் கருகினால் சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம். ஆனால் தொட்டிச் செடியில் பெரும்பாலும் காரணம் எதிர்த்திசையில் இருக்கும். உரம் மிகுதி, அல்லது உப்புத் தண்ணீர். பையின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். அந்த நேரத்தில் இன்னும் உரம் போடக்கூடாது. மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ கிடைத்தால், அடி ஓட்டை வழியாகத் தாராளமாக வெளியேறும்படி ஒருமுறை ஊற்றிக் கழுவிவிட்டு, பை லேசாகும்வரை விட வேண்டும்.

புள்ளிகளுக்கு வந்தால், சத்துக்குறைவு எப்போதுமே ஓரளவு நியாயமாக நடந்துகொள்ளும் என்பதை நினைவில் வைத்தால் போதும். இலையின் இடப்பாதியில் இருப்பது வலப்பாதியிலும் இருக்கும், ஒரே வயதுள்ள இலைகளில் ஒரே மாதிரி இருக்கும். நோய் அப்படி இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, வட்டமாக, விளிம்பு கட்டித் தோன்றும். தக்காளியின் அடி இலையில் பழுப்பு வட்டத்துக்குள் வட்டமாக, மரத்தை அறுத்த குறுக்குவெட்டுபோல வளையங்கள், சுற்றிலும் மஞ்சள் ஒளிவட்டம் என்றால் அது முன்பருவ இலைக்கருகல், பூஞ்சை நோய். மழை தெறிப்பில் மண்ணிலிருந்து ஏறும், எனவே இதுவும் கீழிருந்துதான் தொடங்கும். கீழேயா மேலேயா என்ற கேள்வி மட்டும் இங்கே கைகொடுக்காது, வளையத்தைத் தேட வேண்டும். இலை ஈரமாக நிற்காமல் பார்த்துக்கொள்வதும், புள்ளி வந்த இலையைக் கிள்ளி வெளியே போடுவதும், மேல்மண்ணில் சருகு மூடாக்குப் போட்டுத் தெறிப்பைத் தடுப்பதும் முதல் வேலை. இலையின் அடிப்பக்கத்தில் புள்ளிகளுக்குப் பதிலாகச் சொரசொரப்பான சின்னக் கொப்புளங்கள் தட்டுப்பட்டால், அது கிருமியே அல்ல. மேகமூட்டமான நாட்களில் வேர் உறிஞ்சும் தண்ணீரை இலை ஆவியாக்கி விட முடியாமல் செல்கள் உப்பிப் புண்ணாவது. அதற்கும் மருந்து தண்ணீரைக் குறைப்பதுதான்.

தாம்பரத்தில் பிழைத்த நான்கு செடிகளும் ஜனவரியில் காய்த்தன. மழை நின்று வெயில் ஏறியதும், கார்த்திகையில் பட்ட பாட்டை நினைத்து அந்த அம்மா தண்ணீரில் ரொம்பவே சிக்கனம் பிடித்துவிட்டார். ஒரு நாள் ஊற்றி இரண்டு நாள் மறந்தார். முதலில் பழுத்த காய்களின் அடியில் ரூபாய் நாணய அளவுக்குக் கறுத்துச் சப்பையாகியிருந்தது. கால்சியம் தண்ணீரோட்டத்தோடு மட்டுமே செடிக்குள் பயணம் செய்யக்கூடியது, ஓட்டம் தடைபட்டால் கடைக்கோடியில் இருக்கும் காய்க்குப் போய்ச்சேராது. யாரோ முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொன்னார்கள். அவர் கீழே எட்டிப் பார்த்து, "சார், முட்டை ஓடு போடட்டுமா?" என்று கேட்டார்.

"அது கரையறதுக்குள்ள தக்காளி சீசனே முடிஞ்சிரும். கொஞ்சம் கொஞ்சமா தினமும் ஊத்துங்கம்மா. ஊத்தறதுக்கு முன்னாடி பையைத் தூக்கிப் பாருங்க."

கறுத்த காய்களைப் பறித்து எறிந்துவிட்டு, அடுத்த கொத்துக்குக் காத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த காய்களின் அடி சுத்தமாக இருந்தது.